அவரவர் மொழியில் எழுதிய புகாரை வாங்கிக்கொள்ளுங்கள்: அரிசி ஆலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். குறுவை நெல் வந்து குவிந்த நாட்களில் ஊறல் தொட்டி ஒன்றில் நெல் வீணாய்ப் போன விவகாரம் தங்களுக்குத் தெரியும். அன்று இரவு ஷிப்டில் தொட்டியைப் பார்த்துக்கொண்ட பீகார் தம்பியிடம் விளக்கக் கடிதம் வாங்கியதும், அவர் கூலியில் பிடித்தம் செய்ததும் தங்கள் கையெழுத்தோடுதான் நடந்தன. அந்தக் கடிதம் எப்படி எழுதப்பட்டது என்பது மட்டும் தங்களுக்குத் தெரிந்திருக்காது என்று நம்புகிறேன். அதைச் சொல்லவே இந்த மடல்.

புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊறவைக்கும் தண்ணீர் ஏறக்குறைய 70 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். குறைந்தால் ஊற நேரமாகும். நேரமானால் நெல் புளித்து வாடை அடிக்கும். 80-ஐ நெருங்கினால் உமி பிளந்து, மாவுச்சத்து கரைந்து, அரிசி நிறம் மாறிவிடும். ஆகவே மேலே நிற்பவர் மானியைப் பார்த்து அளவைச் சொல்ல, கீழே பாய்லர் பக்கம் இருப்பவர் நீராவி வால்வைத் திருக வேண்டும். நம் ஆலையில் இது வாக்கி டாக்கியில் நடக்கிறது. ஒருவர் சொல்வதை ஷிப்டில் இருக்கும் எல்லோரும் கேட்பார்கள்.

அந்தத் தம்பி வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு வார்த்தை தமிழ் அறியாதவர். கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டார். எண்கள் எல்லாம் சொல்வார். ழகரம் மட்டும் வராது. ‘எழுபது’ என்பது ‘எலுபது’ என்று வரும். மேற்பார்வையாளரின் உதவியாளர் அதைப் பிடித்துக்கொண்டார். தம்பி அளவைச் சொன்னதும், அதே குரலில் ‘எலுபது, எலுபது’ என்று வாக்கி டாக்கியில் திருப்பிச் சொல்வார். நாலைந்து பேர் சிரிப்பார்கள். சில வாரங்களில் அவர் பெயரே ‘எலி’ ஆகிவிட்டது. வருகைப் பதிவின் ஓரத்தில் பென்சிலால் அந்தப் பெயர் எழுதப்பட்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ‘செவன்டி’ என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தார். ‘துரை வந்துவிட்டார்’ என்றார்கள். அதன் பிறகு அவர் வாக்கி டாக்கியைத் தொடுவதையே குறைத்துக்கொண்டார். அளவைச் சொல்ல வேண்டிய போதெல்லாம் இரும்புப் படிகளில் இறங்கி வந்து, பாய்லர்காரரிடம் நேரில் விரலைக் காட்டிவிட்டு மறுபடியும் ஏறிப் போவார்.

நெல் வீணான இரவிலும் அதுதான் நடந்தது. சூடு ஏறுவதைக் கண்டதும் தம்பி கீழே ஓடினார். பாய்லர்காரர் கரி உமி அள்ளும் இடத்துக்குப் போயிருந்தார். தேடிப் பிடித்து வால்வை மூடுவதற்குள் காரியம் கெட்டுவிட்டது. காலையில் பரிசோதனைக்கு வந்த மாதிரியைத் தட்டில் பரப்பியவள் நான்தான். பிளந்த உமியும் பழுப்பேறிய அரிசியுமாக இருந்தது. என் அறிக்கையில் ‘ஊறல் நீர் அதிகச் சூடு’ என்று எழுதினேன். அது ஏன் உரிய நேரத்தில் வாக்கி டாக்கியில் சொல்லப்படவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

விளக்கக் கடிதத்துக்கு வருகிறேன். தமிழில் எழுதித் தர வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். தம்பிக்குத் தமிழ் பேச வருமே தவிர எழுதவோ படிக்கவோ தெரியாது. இரவு ஷிப்டில் இந்தியும் தமிழும் தெரிந்தவர் ஒரே ஒருவர், அந்த உதவியாளர். எந்த வாய் அவரைப் பேசவிடாமல் செய்ததோ அந்த வாயிடமே தன் நியாயத்தைச் சொல்ல வேண்டிய நிலை. ‘வாக்கி டாக்கியில் பேசினால் சிரிக்கிறார்கள், அதனால் இறங்கி வந்தேன்’ என்று தம்பி சொன்னதாக அந்த உதவியாளரே என்னிடம் கூறினார். தாளில் இருந்தது வேறு. ‘என் கவனக்குறைவால் நடந்த தவறு; இனி நடக்காது’ என்ற இரண்டே வரிகள். அதன் கீழே, தனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளுக்கு அடியில், தேவநாகரியில் தம்பியின் கையெழுத்து.

ஒரு மனிதன் தன் வாயால் சொல்லாததை அவன் கையெழுத்தோடு கோப்பில் வைத்திருக்கிறோம். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. கோபத்தை அடக்கித்தான் எழுதுகிறேன்.

அதனால்தான் கேட்கிறேன்: அவரவர் மொழியில் எழுதிய புகாரையும் விளக்கத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் அவர் சொல்வதை வேறொருவர் எழுதி, அவருக்குப் புரியும் மொழியில் திரும்பப் படித்துக் காட்டி, அதன் பிறகே கையெழுத்து வாங்குங்கள். எழுதுகிறவரை அவரே தேர்ந்தெடுக்கட்டும். புகாருக்கு உள்ளானவர் எழுதுகிறவராக இருக்கவே கூடாது.

‘விளையாட்டுக்குச் சொன்னதைப் பெரிதாக்குகிறார்கள்’ என்று ஒரு பேச்சு இருக்கிறது. சாப்பாட்டுக் கொட்டகையில் பாய்லர்காரரும் தம்பியும் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்வதுண்டு. தம்பி ஊர்ப் பலகாரமான ‘லிட்டி’யின் பெயரைப் பாய்லர்காரர் சொல்வதைத் தம்பி திருத்துவார். தம்பி ‘வாழைப்பழம்’ என்று சொல்வதைப் பாய்லர்காரர் திருத்துவார். அதில் எந்தக் குறையும் இல்லை. ‘அறுபதா, எழுபதா? மறுபடி சொல்லப்பா’ என்று கேட்பதும் கேலி இல்லை, அது வேலை. ஆனால் வருகையைக் குறிக்கும் கை யாருடையதோ அவர் கேலி செய்யும்போது, எதிரில் இருப்பவர் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்ல முடியாது. சொன்னால் அரை நாள் கூலி போய்விடுமோ என்று பயப்படுவார். அவரும் சேர்ந்து சிரித்தார் என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஆட்களில் பாதிப் பேர் ‘வாளப்பளம்’ என்றுதான் சொல்கிறோம். அதற்காக இதுவரை யாருக்கும் பட்டப்பெயர் வைத்ததில்லை.

தம்பி கடைசியில் புகார் எழுதத் துணிந்தார். முதலில் அவர் இந்தியில் எழுதி வந்தது, ‘என்னைக் கேலி செய்கிறார்கள், மனம் வேதனைப்படுகிறது, நியாயம் வேண்டும்’ என்ற அளவில் இருந்தது. வேதனை உண்மைதான். ஆனால் அப்படி எழுதினால் ‘யார், எப்போது, என்ன சொன்னார்?’ என்று கேட்டுத் திருப்பிவிடுவீர்கள். அல்லது எல்லோரையும் கூப்பிட்டு ‘ஒற்றுமையாக இருங்கள்’ என்று அனுப்பிவிடுவீர்கள். ஆகவே உட்கார்ந்து பேசி, அவர் சொல்லச் சொல்ல மாற்றி எழுதினோம். அதன் ஒரு பகுதியைத் தமிழில் தருகிறேன்:

‘நெல் வீணாவதற்கு முன் ஓர் இரவு ஷிப்டில், சுமார் 11 மணிக்கு, 2-ஆம் தொட்டியின் மேல் நின்று வாக்கி டாக்கியில் எழுபது என்று சொன்னேன். மேற்பார்வையாளரின் உதவியாளர் என் குரலில் எலுபது, எலுபது, எலி என்றார். பாய்லர்காரரும் மூட்டை தைப்பவர் ஒருவரும் கேட்டார்கள். இப்படிச் சொல்ல வேண்டாம் என்று மறுநாள் அவரிடம் சொன்னேன். அதன் பிறகும் தொடர்ந்தது. அதனால் அளவை வாக்கி டாக்கியில் சொல்லாமல் இறங்கி வந்து சொல்கிறேன். அந்தப் பெயரால் என்னை அழைப்பது நிற்க வேண்டும். என் வருகையை வேறொருவர் குறிக்க வேண்டும்.’

சொன்ன வார்த்தையை அப்படியே எழுதியதற்குக் காரணம் உண்டு. ‘இழிவாகப் பேசினார்’ என்றால் அவர் மறுப்பார், அதோடு பேச்சு முடிந்துவிடும். வார்த்தையே தாளில் இருந்தால், அது சொல்லப்பட்டதா இல்லையா என்பதைக் கேட்டவர்களிடம் விசாரிக்கலாம். அவர் என்ன எண்ணத்தில் சொன்னார் என்று தம்பி எழுதவில்லை. இன்னொருவர் மனத்துக்குள் புகுந்து பார்க்க யாராலும் முடியாது. அதனால் வேலையில் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதினார். உதவியாளரை வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்றும் கேட்கவில்லை. தாங்கள் நாளைக்கே செய்யக்கூடிய இரண்டைத்தான் கேட்டார்.

அந்தப் புகாரை அலுவலகம் வாங்கவில்லை. ‘தமிழில் எழுதிக்கொண்டு வா’ என்று திருப்பிவிட்டார்கள். வந்த தேதி குறித்து, முத்திரை வைத்து, ஒரு படி கொடுத்திருக்கலாம். மொழிபெயர்ப்பை நீங்களே செய்துகொண்டிருக்கலாம். டெல்டாவில் இந்தி தெரிந்த ஆசிரியரோ வங்கி ஊழியரோ கிடைக்காமலா போய்விடுவார்?

பேச்சு மொழியைக் கேலி செய்வதற்கென்று தனியாகச் சட்டம் எதுவும் இல்லை என்று தாங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனத்தில் குறைதீர்க் குழு இருக்க வேண்டும் என்பது 2010-இல் தொழில் தகராறுகள் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் அதைத் தொடர்கிறது. அதில் நிர்வாகத் தரப்புக்கும் தொழிலாளர் தரப்புக்கும் சம எண்ணிக்கையில் இடம் உண்டு. நம் ஆலையில் அப்படி ஒரு குழு இருக்கிறதா? இருந்தால் அதில் யார் யார் என்று ஒரு தாளில் ஒட்டிவையுங்கள், இந்தியிலும் சேர்த்து.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் மராத்திக் கல்வெட்டு இருக்கிறது. கும்பகோணத்துத் தறி வீடுகளில் இன்றும் சௌராஷ்டிரம் பேசுகிறார்கள். நாயக்கர் காலத்துத் தெலுங்கு நம் ஊர்களில் பல குடும்பங்களின் வீட்டு மொழியாக இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் அவர்களுடைய மொழியைத் திக்கித் திணறிப் பேசித்தான் சம்பாதிக்கிறார்கள். அங்கே யாராவது அவர்கள் பேச்சைப் பழித்தால் ஊரே கொதிக்கிறது. இங்கே நாற்று நடவும், மூட்டை தூக்கவும், தொட்டி பார்க்கவும் வந்தவர்களிடம் அதையே நாம் செய்கிறோம். அந்தத் தம்பியின் வீட்டு மொழி மைதிலி. இத்தனை நாளில் அதை விசாரித்தவர்கள் எத்தனை பேர்? எல்லோருக்கும் அவர் ‘இந்திக்காரன்’, இல்லாவிட்டால் ‘எலி’.

பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது இவைதான். அந்த இரண்டு வரி விளக்கக் கடிதத்தை ரத்து செய்து, தம்பி சொல்வதைப் புதிதாகப் பதிவு செய்யுங்கள். அதன் பிறகு பிடித்தம் நியாயமா என்று பாருங்கள். நான் எழுதிய பரிசோதனை அறிக்கையைப் பற்றி விசாரணையில் கேட்டால் வந்து சொல்லத் தயாராக இருக்கிறேன். அவரவர் மொழியில் எழுதிய புகாரை இன்று முதல் வாங்கிக்கொள்ளுங்கள், தேதியிட்ட படியோடு. சம்பா நெல் வருவதற்குள் இதற்கான பதிலை எழுத்தில் தந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்; தம்பிக்குத் தரும் பதிலை மட்டும் அவர் படிக்கக்கூடிய எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் ஆலையின் தரப் பரிசோதனைப் பிரிவு ஊழியர்