ஒப்புமை விழுக்காட்டுக்கு அப்பால்: ஆய்வு வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கும் ஆய்வு வழிகாட்டிகளுக்கும் வணக்கம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட எழுத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகளின்படி, பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரை ஒத்துப்போகும் ஆய்வேட்டுக்குத் தண்டனை இல்லை. 60 விழுக்காட்டைத் தாண்டினால் மாணவரின் பதிவே ரத்தாகும். அந்த 10 விழுக்காட்டு எல்லைக்குள் நிற்பதே நேர்மை என்று நம் மாணவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அதனால் மூலத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் வேறொரு சொல்லைப் போட்டு, வாக்கியத்தை முன்பின்னாகத் திருப்பி, ஒப்புமை காணும் மென்பொருள் பச்சை நிறம் காட்டும்வரை உழைக்கிறார்கள். இந்த உழைப்பில் மூலத்தின் பொருள் எப்படிச் சிதைகிறது என்பதைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவரவே இம்மடலை எழுதுகிறேன்.

காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவான ஐ.பி.சி.சி. 2021இல் வெளியிட்ட முதலாம் பணிக்குழுவின் அறிக்கையை எடுத்துக்கொள்வோம். மனிதச் செயல்களால் மட்டும் புவியின் மேற்பரப்பு வெப்பநிலை எவ்வளவு உயர்ந்தது என்பதை, 1850–1900 காலத்தோடு 2010–2019 பத்தாண்டை ஒப்பிட்டு அது மதிப்பிடுகிறது. உயர்வு 0.8 முதல் 1.3 பாகை செல்சியஸ் வரை இருக்கலாம் என்றும், சிறந்த மதிப்பீடு 1.07 பாகை என்றும் கூறுகிறது. இதைப் படித்த மாணவர், “தொழிற்புரட்சிக்குப் பின் மனிதனால் காற்றின் வெப்பம் 1.07 பாகை கூடியுள்ளது (ஐ.பி.சி.சி., 2021)” என்று எழுதினால் ஒப்புமை ஏறத்தாழ இராது, பெயரும் ஆண்டும் கூட அடைப்புக்குறிக்குள் இருக்கும். ஆயினும் இந்த ஒரு வரியில் நான்கு பிழைகள் உள்ளன. தொழிற்புரட்சி 1850க்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. மேற்பரப்பு வெப்பநிலை என்பதில் கடல்பரப்பின் வெப்பமும் அடங்கும். அதைக் காற்று என்று மாற்றியது அதே பொருள் தரும் வேறு சொல் அல்ல, வேறு பொருள். மதிப்பீட்டின் இரு முனைகளும் காணாமல் போயின. எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, “இருக்கலாம்” என்ற தொனி “கூடியுள்ளது” என்று உறுதியாகிவிட்டதுதான். அந்த அறிக்கையில் இந்த இடத்தில் வரும் “இருக்கலாம்” அலங்காரமன்று. குறைந்தது 66 விழுக்காடு வாய்ப்பு என்று வரையறுக்கப்பட்ட கலைச்சொல்.

அதே அறிக்கையில் 1.09 பாகை என்றோர் எண்ணும் உண்டு. அது 2011–2020க்கானது, இயற்கைக் காரணிகளும் உட்பட அளவிடப்பட்ட உயர்வு. மனிதப் பங்கைப் பேசும் பத்தியில் அந்த எண்ணைச் செருகும் மாணவரை எந்த மென்பொருளும் பிடிக்காது.

முறையாகச் செய்வதற்கு மூலத்தை மூடிவைத்துவிட்டு, அது எதை, எந்தக் காலத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு உறுதியோடு சொல்கிறது என்பதைக் குறிப்பாக எழுதிக்கொண்டு, அக்குறிப்பிலிருந்து வாக்கியத்தை அமைத்து, பிறகு மூலத்தைத் திறந்து எண்களையும் உறுதியின் அளவையும் சரிபார்க்க வேண்டும். அப்படி எழுதினால் இவ்வாறு அமையலாம்: “2010–2019 பத்தாண்டின் புவி மேற்பரப்பு வெப்பநிலை உயர்வில் மனிதச் செயல்களின் பங்கு மட்டும் ஏறத்தாழ 1.07 பாகை என்பது ஐ.பி.சி.சி.யின் சிறந்த மதிப்பீடு. 1850–1900 சராசரியை அடிப்படையாகக் கொண்ட இவ்வுயர்வு 0.8க்கும் 1.3க்கும் இடையில் இருப்பதற்குக் குறைந்தது 66 விழுக்காடு வாய்ப்பு உண்டென அது கருதுகிறது (2021, கொள்கை வகுப்போருக்கான சுருக்கம், பத்தி ஏ.1.3).” எண்களையும் கலைச்சொற்களையும் மாற்ற வேண்டியதில்லை; வாக்கியத்தின் அமைப்பு மாணவருடையதாக இருந்தால் போதும். பத்தி எண்ணைத் தருவதால் தேர்வாளர் ஒரு நிமிடத்தில் சரிபார்க்கலாம். “ஐ.பி.சி.சி.யின் மதிப்பீடு” என்று வாக்கியத்துக்குள்ளேயே சொல்லிவிடுவதால், அடுத்த வரியில் மாணவர் தம் கருத்தைத் தொடங்கும்போது எது யாருடையது என்ற குழப்பமும் எழாது. நீண்ட பத்தியின் கடைசியில் மட்டும் ஓர் அடைப்புக்குறி வைக்கும் நம் வழக்கத்தில் அந்தக் குழப்பம் தவிர்க்க முடியாதது.

ஆங்கில மூலத்தை வரிக்கு வரி தமிழாக்கிவிட்டுத் தம் எழுத்தாகத் தரும் ஆய்வேடுகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். மென்பொருள் அவற்றில் எந்த ஒப்புமையையும் கண்டுபிடிக்கத் தவறக்கூடும். ஆனால் வாதத்தின் வரிசையும் எடுத்துக்காட்டுகளும் மூல ஆசிரியருக்கே உரியவை. அவற்றை மொழிபெயர்ப்பு என்று குறிப்பிட்டு மேற்கோளாகத் தருவதே முறை. நாளிதழில் படித்த எண்ணுக்கு ஐ.பி.சி.சி.யின் பெயரைப் போடுவதும் இதே வகைக் குறைதான். படித்தது நாளிதழ் என்றால் அதையும் சொல்ல வேண்டும்.

தங்களிடம் என் கோரிக்கை ஒன்றே. ஆய்வேட்டை ஏற்குமுன் ஒப்புமை அறிக்கையோடு நிறுத்திவிடாமல், தாங்களே தேர்ந்தெடுக்கும் மூன்று பத்திகளுக்குரிய மூலப்பக்கங்களை மாணவரைக் கொண்டுவரச் செய்து, இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். மூலப்பக்கத்தைக் காட்ட இயலாத பத்தியைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஆய்வேடுகளைத் திருத்தும் ஒருவர்