வளையல் காணாமல் போன வீடு: ஆள் அனுப்பும் ஏஜென்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் வீடுகளுக்கு ஆயா, அட்டெண்டர், நர்ஸ் அனுப்பும் ஏஜென்சிகளை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். நான் ஜி.என்.எம். முடித்து இருபத்திரண்டு வருஷம் வார்டிலும் வீடுகளிலும் வேலை பார்த்தவள். இப்போது பெரம்பூரில் முதியோர் பராமரிப்பு வகுப்பு எடுக்கிறேன். என்னிடம் படித்த பெண்கள் பலர் உங்கள் ரிஜிஸ்டரில்தான் இருக்கிறார்கள். உங்கள் ஆபீஸிலிருந்து அடிக்கடி வெளிவரும் ஒரு வாக்கியத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்: "கவலைப்படாதீங்க மேடம், நாளைக்கே வேற ஆள் மாத்தித் தர்றோம்."

நங்கநல்லூரில் ஒரு வீடு. ரிட்டயர்டு டீச்சரம்மா, வயது எண்பத்தொன்று. மூன்று வருஷமாக மறதி நோய், ஆனால் மெதுவாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது. காலையில் தானே பல் தேய்ப்பார், மகள் பெயரைச் சொல்வார், சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை வகுப்புப் பிள்ளைகளாக நினைத்துக் கூப்பிடுவார். திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்த, என்னிடம் படித்த பெண் ஒருத்தி ஏழு மாதமாக அங்கே இருபத்துநாலு மணி நேர டியூட்டி. அம்மாவின் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுத் தூங்குகிற வேலை அது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்த அம்மா தன் கையைப் பார்த்துவிட்டு, "என் வளையலை இவ எடுத்துட்டா" என்று கத்த ஆரம்பித்தார். அன்று ராத்திரி தூங்கவில்லை. போர்வையைப் பிய்த்தபடி, மூலையில் யாரோ நிற்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வளையலும் நிஜமாகவே கையில் இல்லை. மகளுக்கும் மருமகனுக்கும் வேறென்ன தோன்றும்?

அந்தப் பெண் மகளிடம் அழுதுகொண்டே வேறு ஒன்றையும் சொல்லியிருக்கிறாள். "அக்கா, ரெண்டு நாளா அம்மா அம்மாவாவே இல்ல. பகல்ல தூங்கித் தூங்கி விழுறாங்க. சாப்பாடு குமட்டுதுங்கறாங்க. பாத்ரூம் போகும்போது தள்ளாடுறாங்க. புது பிரஷர் மாத்திரை ஆரம்பிச்சு பன்னண்டு நாள் ஆகுது." இதை நோட்டிலும் எழுதி வைத்திருந்தாள். திருட்டுப் பேச்சை மாற்றத்தான் இப்படிப் பேசுகிறாள் என்று வீட்டில் நினைத்தார்கள். ஏஜென்சிக்கு போன் போனது. மறுநாள் காலை பத்து மணிக்கு வேறு ஆள் வந்துவிட்டாள். அவள் உள்ளே வர, இவள் பையோடு வெளியே போக, இருவரும் வாசலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நோட்டு அலமாரி மேலேயே கிடந்தது.

புதிதாக வந்தவள்மேல் தப்பில்லை. அவளுக்கு அந்த அம்மா முந்தின வாரம் எப்படி இருந்தார் என்று தெரியாது. தூங்கித் தூங்கி விழுவதுதான் இவர் சுபாவம் போல என்று நினைத்தாள். ராத்திரி சத்தம் தாங்காமல் வீட்டில் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை அம்மாவை எழுப்பவே முடியவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் 116. இருக்க வேண்டியது 135-க்கு மேல். புதிய பிரஷர் மாத்திரையில் நீர் பிரியவைக்கும் மருந்தும் கலந்திருந்தது. வயதானவர்களில் சிலருக்கு அது ஆரம்பித்த முதல் சில வாரங்களில் உடம்பிலிருந்து உப்பை இறக்கிவிடும். இந்த வீட்டில் பிரஷருக்காகச் சாப்பாட்டில் உப்பைக் குறைத்து, வெயிலுக்காகத் தண்ணீரையும் நிறையக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சோடியத்தைச் சட்டென்று ஏற்றினால் மூளைக்கே ஆபத்து, மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். நான்கு நாள் ஐ.சி.யு., அப்புறம் வார்டு. எண் சரியான பிறகும் பேச்சு பழையபடி திரும்ப இன்னும் ஒரு வாரம் ஆனது.

இதற்குப் பெயர் டெலிரியம். மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் முற்றும். டெலிரியம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் வரும், ஏறி இறங்கும், காலையில் தெளிவாக இருப்பவர் சாயங்காலம் ஆளே மாறியிருப்பார். மறதி நோய் இருப்பவர்களுக்கு இது வருவதும் சுலபம், கண்ணில் படாமல் போவதும் சுலபம். எல்லாவற்றையும் "அவங்களுக்குத்தான் மறதி இருக்கே" என்று சொல்லிவிடலாம் அல்லவா? கத்துகிற டெலிரியமாவது கவனத்துக்கு வரும். ஓசையில்லாமல் தூங்கிக்கொண்டே இருக்கிற வகையும் உண்டு. "இன்னிக்குத்தான் அம்மா நிம்மதியா தூங்குறாங்க" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். எனக்கு அந்த வகைதான் பயம். காரணம் உப்பாக இருக்கலாம், சளிக்காய்ச்சலாக இருக்கலாம், நாலு நாள் மலம் போகாததாக இருக்கலாம், புது மாத்திரையாக இருக்கலாம். யூரின் வாடை அடித்தாலே இன்ஃபெக்‌ஷன் என்று முடிவுகட்டி ஆன்டிபயாட்டிக் கொடுப்பதும் இங்கே ஒரு பழக்கமாகிவிட்டது. அதற்குள் உண்மையான காரணம் முற்றிவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பல நாட்டு மருத்துவமனைகளில் 'ஃபோர் ஏ டி' என்றொரு சின்னச் சோதனை உண்டு. நான்கு பகுதி, மொத்தம் 12 மதிப்பெண். 4 வந்தாலே டெலிரியமா என்று டாக்டர் பார்க்க வேண்டும். நோயாளி விழிப்பாக இருக்கிறாரா, வயதும் இடமும் சொல்கிறாரா, மாதங்களைக் கடைசியிலிருந்து தலைகீழாகச் சொல்ல முடிகிறதா என்று மூன்று பகுதி. நான்காவது பகுதிதான் உங்களுக்கு நான் சொல்ல வந்தது: கடந்த இரண்டு வாரத்துக்குள் திடீர் மாற்றம் வந்து, அது கடந்த ஒரு நாளிலும் தெரிகிறதா? 'ஆமாம்' என்றால் அந்த ஒரு பதிலுக்கே 4 மதிப்பெண். அதற்குப் பதில் சொல்ல எம்.டி. படித்திருக்க வேண்டியதில்லை. போன வாரமும் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வீட்டில் அப்படி இருந்த ஒரே ஆளைத்தான் நீங்கள் புதன்கிழமை காலை திருப்பி அழைத்தீர்கள்.

பயிற்சி இல்லாத ஆட்களை அனுப்புகிறீர்கள் என்று சண்டைக்கு வரவில்லை. பயிற்சியின் தரத்தில் எங்கள் பக்கமும் ஓட்டை இருக்கிறது. பத்தாவது படித்தவர்கள் சில மாதத்தில் முடிக்கும் ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட், ஹோம் ஹெல்த் எய்ட் வகுப்புகளில் புரட்டிப் படுக்கவைப்பது, டயப்பர் மாற்றுவது, சக்கர நாற்காலியில் ஏற்றுவது எல்லாம் நன்றாகவே வந்துவிடுகிறது. நான் பாடம் எடுத்த இடங்களில் மறதி நோய்க்கு ஒரு மத்தியானம்தான் ஒதுக்கியிருந்தார்கள், டெலிரியத்துக்கு அதுவும் இல்லை. நர்ஸ் படிப்புகளில் ஏ.என்.எம். இரண்டு வருஷம், ஜி.என்.எம். மூன்று, பி.எஸ்சி. நர்சிங் நான்கு. அதற்கு மேல் பதிவுபெற்ற நர்ஸ்களுக்கு முதியோர் நர்சிங்கில் ஒரு வருஷ டிப்ளமோ இருக்கிறது. ஆனால் அதை முடித்தவர் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுக்கப் போவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துப் பார்ப்பவள் சில மாத வகுப்பு முடித்தவள்தான். (அவளையே 'நர்ஸ்' என்று சொல்லி அனுப்பி, மூக்குக் குழாய் மாட்டவும் ஊசி போடவும் விடுகிறவர்களைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.)

என் வகுப்பில் இப்போது ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். நான் கிழவியாக உட்கார்ந்து, "என் வளையலைத் திருடிட்டியா?" என்று கத்துவேன். முதல் நாள் எல்லோரும் "ஐயோ, சாமி சத்தியமா நான் எடுக்கலம்மா" என்பார்கள். மறுக்க மறுக்கக் கிழவிக்கு வெறி ஏறும். "வளையல் காணோமா? கை வெறுமையா இருந்தா மனசு கேக்காதே. வாங்க, ரெண்டு பேருமா தேடலாம்" என்று சொல்லப் பழக்குகிறேன். மறதி உள்ளவர்கள் பத்திரம் என்று தங்களுக்குத் தோன்றிய இடத்தில் வைத்துவிட்டு, வைத்ததை மறந்துவிடுவார்கள். தலையணை உறை, அரிசி டிரம், சாமி படத்துக்குப் பின்னால், மடித்த பழைய புடவை. வாய்ப்பாடு மாதிரி வரிசையாகத் தேடச் சொல்கிறேன்.

வாயால் சொல்வது பழகிவிடும். மனசு அப்படி இல்லை. ஏழு மாதம் நாம் சோறு ஊட்டியவரின் கை நம்மைக் காட்டித் திருடி என்கிறது, அது நோயின் பேச்சு என்று தெரிந்தாலும் குத்துகிறது. நோயே இல்லாத மகள் அதை நம்புவது அதைவிடக் குத்துகிறது. அன்று அந்தப் பெண் தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சிலிருந்து எனக்கு போன் செய்தாள். தன் பெயர் கெட்டதைப் பற்றி முதலில் பேசவில்லை. "சிஸ்டர், புது ஆளுக்கு அம்மாவுக்கு எடது பக்கம் ஒருக்களிச்சாத்தான் தூக்கம் வரும்னு தெரியாதே" என்றாள். இந்த வேலையில் இன்னொரு பெண், எட்டு மாதம் பார்த்த தாத்தாவுக்குக் கண்ணை மூடி, கால் கட்டைவிரலைக் கட்டிவிட்டு வெளியே வந்தபோது, ஏஜென்சி போன்: "ஆவடியில ஒரு கேஸ் இருக்கு, ஆறு மணிக்குள்ள போயிடறியா?" போனாள். போன வீட்டில் புது தாத்தாவைப் பழைய தாத்தா பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டு வாங்கினாள்.

ஆகவே என் வேண்டுகோள். குடும்பம் ஆளை மாற்றச் சொன்னால் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த ரெண்டு வாரத்துல அம்மாகிட்ட திடீர்னு ஏதாவது மாற்றமா?" ஆமாம் என்றால், ஆளை மாற்றும் பேச்சுக்கு முன்னால் டாக்டர். சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவப் பிரிவு 1978-இலிருந்து இருக்கிறது. கிண்டியில் 2024-இல் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை திறந்திருக்கிறார்கள். நிஜமாகவே மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பழையவளும் புதியவளும் அந்தக் கட்டில் பக்கத்தில் சேர்ந்து அரை நாள் இருக்கட்டும், நோட்டு கைமாறட்டும். தூக்கம், சாப்பாடு, சிறுநீர், மலம், நடை, பேச்சு, புதிதாகச் சேர்ந்த மாத்திரை: தினம் ஏழு வரி போதும். வேலையில் சேரும் அன்றே உடம்பிலிருக்கும் நகைகளைக் குடும்பத்தோடு உட்கார்ந்து எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முடிந்தால் கழற்றி பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். இறப்பு நடந்த வீட்டிலிருந்து வருகிறவளுக்குச் சம்பளத்தோடு மூன்று நாள் கொடுங்கள். அதற்கான காசைக் குடும்பத்திடம் வாங்கும் கமிஷனில் பாருங்கள், அவள் தினக்கூலியில் பார்க்காதீர்கள்.

நங்கநல்லூர் அம்மா வீடு திரும்பிய மூன்றாம் நாள், மகள் துவைக்கப் போட்ட பாவாடையின் நாடாக் குழலுக்குள் வளையல் கிடைத்தது. மகள் அந்தப் பெண்ணை நேரில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார், திரும்பி வரச் சொன்னார். அவள் போகவில்லை, இப்போது கொளத்தூரில் வேறு வீட்டில் இருக்கிறாள். "விசாரணை முடியட்டும்" என்று ஏஜென்சி நிறுத்திவைத்த ஒன்பது நாள் சம்பளம் மட்டும் இன்னும் வரவில்லை. அந்த ஏஜென்சிக்காரர் இதைப் படித்தால், யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஒரு சிஸ்டர்