பந்தியிலிருந்து எழுந்து ஓடிய நாள்

காரைக்குடி

அன்புள்ள மெய்யம்மை,

உன் கடிதம் கிடைத்தது. மீட்டிங் நடுவில் பேனிக் அட்டாக் வந்து, லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இருட்டும்வரை போர்வைக்குள் கிடந்தேன் என்று எழுதியிருந்தாய். அட்டாக்கைவிட அதற்குப் பிறகான வெட்கமும் அசதியும்தான் உன்னைக் கொன்றது என்ற வரியை இரண்டு முறை படித்தேன். எனக்கும் போன மாதம் அதேதான் நடந்தது. அந்த நாளை அப்படியே சொல்கிறேன்.

கானாடுகாத்தானில் பெரியத்தான் மகள் கல்யாணம். இரண்டாங்கட்டில் பந்தி. இலையில் வெள்ளைப் பணியாரம் விழுந்த நேரம், நெஞ்சு திடீரென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. விரல் நுனிகள் மரத்தன. மூச்சு போதவில்லை என்று தோன்றியது. இலையை அப்படியே விட்டு எழுந்து, வளவை ஒட்டிய அறைக்குள் ஓடினேன். பின்னாலேயே இரண்டு ஆச்சிமார் ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். அப்போது மணி பதினொன்றே கால் இருக்கும்.

போன வருஷமே மதுரையில் ஒரு மனநல மருத்துவர் எனக்கு இதை விளக்கியிருந்தார். மூச்சு போதவில்லை என்று தோன்றினாலும், நாம் அப்போது மூச்சை அளவுக்கு மீறி வாங்குகிறோமாம். அதில் ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்துவிடுவதால்தான் விரல் மரப்பும் தலைசுற்றலும். அதனால் 'நல்லா மூச்சை இழுத்து விடு' என்று யாராவது சொன்னால் கேட்காதே, அப்படிச் செய்தால் மரப்பும் தலைசுற்றலும் அதிகமாகத்தான் ஆகும். மெதுவாகக் கொஞ்சமாக இழுத்து, அதைவிட நீளமாக வெளியே விட வேண்டும். நான் நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டேன். பொதுவாகப் பத்து நிமிஷத்துக்குள் உச்சம் தொட்டுவிட்டு, அப்புறம் தானாக இறங்கும். எனக்கு பதினொன்றே முக்காலுக்கு அடங்கிவிட்டது.

அடங்கியதும் வந்தது அசதி. தோளும் தாடையும் வலித்தன, கால் துவண்டது. நாம் பலவீனமானவர்கள் என்பதற்கு அது அடையாளம் இல்லை. அரை மணி நேரம் உடம்பு முழுக்கத் தசைகள் முறுக்கிக்கொண்டு, ஓடத் தயாராக நின்றிருந்தன. உண்மையிலேயே ஓடியவளுக்கு வரும் களைப்புதான் அது. அதனால் அதற்கு வேண்டியதைக் கொடுத்தேன். ஒரு சொம்பு மோர், இரண்டு இட்லி. காபியை வேண்டாம் என்றேன். அது நெஞ்சைப் படபடக்க வைத்தால், மறுபடி வருகிறது என்று மனசு பயந்துவிடும். நாற்பது நிமிஷத்துக்கு அலாரம் வைத்துப் படுத்தேன். சாயங்காலம் வரை தூங்கினால் ராத்திரி தூக்கம் போகும், எழும்போது அந்த நாளே தோற்றுப்போனது போல இருக்கும். அதுதான் உனக்கு நடந்தது என்று நினைக்கிறேன்.

படுத்தபோதுதான் வெட்கம் வந்து உட்கார்ந்தது. ஊரே பார்த்தது, சம்பந்தி வீட்டார் என்ன நினைத்திருப்பார்கள் என்று மனசு அதையே திரும்பத் திரும்ப ஓட்டியது. எழுந்து, யார் யார் உண்மையில் பார்த்தார்கள் என்று கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதினேன். பக்கத்து இலைக்காரி, பரிமாறிய பையன், அந்த இரண்டு ஆச்சிமார். நாலு பேர். அதில் பெரிய ஆச்சியிடம் மட்டும், "எனக்குத் திடீர்னு இப்படிப் படபடப்பு வரும் ஆச்சி, டாக்டரிடம் காட்டியிருக்கிறேன், இப்போது சரியாகிவிட்டது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், மன்னிப்புக் கேட்கவில்லை. "சரி ஆத்தா, மயக்கமோன்னு பயந்துட்டேன்" என்று தலையைத் தடவினார்கள்.

நாலு மணிக்கு இரண்டாங்கட்டுக்குத் திரும்பப் போனேன். முக்கியமானது இதுதான், மெய்யம்மை. அன்றைக்கே போகாவிட்டால், அந்த இடம்தான் ஆபத்து என்று மனசு முடிவு கட்டிவிடும். அடுத்த முறை வாசலிலேயே நெஞ்சு அடிக்கும். காலையில் உட்கார்ந்த அதே இடத்தில், ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி பாதத்தில் படும்படி உட்கார்ந்தேன். முதல் இரண்டு நிமிஷம் நெஞ்சு கொஞ்சம் வேகமெடுத்தது. நாடி பிடித்துப் பார்க்கக் கை போனது, பார்க்கவில்லை. பார்க்கப் பார்க்கப் பயம்தான் கூடும். வேகம் தணிந்த பிறகும் சற்று நேரம் இருந்துவிட்டு எழுந்தேன். மொத்தம் பத்து நிமிஷம். நடுக்கம் முழுசாக நிற்கும் முன்பே போயிருந்தால் இது முடிந்திருக்காது, அவசரப்பட்டுவிடாதே.

மறுநாள் காலையிலும் தோள் வலி இருந்தது. உனக்கும் இருந்திருக்குமே?

ஒன்று கேட்க வேண்டும். நெஞ்சு வலித்தது என்றாயே, ஈசிஜி எடுத்தாயா? முதல் தடவை வந்ததை நாமாகவே பேனிக் என்று முடிவு செய்யக்கூடாது. எனக்கு ஈசிஜியும் தைராய்டும் பார்த்த பிறகுதான் டாக்டர் அந்தப் பெயரைச் சொன்னார்.

அந்த மீட்டிங் ரூம் பக்கம் ஒரு வாரமாகப் போகவில்லை என்றாய். திங்கட்கிழமை மதியம், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, உன் பழைய நாற்காலியில் பத்து நிமிஷம் உட்கார். வெளியே வந்ததும் எனக்குப் போன் செய், போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

அன்புடன்,
வள்ளி