வீட்டுத்தோட்டச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. உரம் தயாரிப்பு, ஒட்டுக்கட்டுதல் ஆகிய இரண்டு பயிற்சிகளும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அதனால் இந்த அறிக்கையின் பெரும்பகுதியை இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கிய ஒரே வேலைக்கு ஒதுக்குகிறேன். தோட்டங்களில் வளரும் கடும் நச்சுச் செடிகளைப் பூ இல்லாத காலத்திலும் அடையாளம் காண்பதுதான் அந்த வேலை.

விதைப் பரிமாற்ற மேசைக்கு வந்த ஒரு பொட்டலம்தான் இதற்குக் காரணம். உள்ளே பளபளப்பான விதைகள். சாம்பல் நிறத்தில் பழுப்புக் கோடுகளும் புள்ளிகளும் ஓடின. கூடவே காய்ந்த ஓட்டுத் துண்டுகள் சில. கொண்டுவந்து வைத்தவர் பெயர் எழுதவில்லை. பார்க்க அழகாக இருந்ததால் யாரோ ஒருவர் ‘அவரை, புது ரகம்’ என்று சீட்டு ஒட்டிவிட்டார். இரண்டு பேர் கேட்டும் வைத்திருந்தார்கள்.

மூத்த உறுப்பினர் ஒருவர் அதைக் கையில் எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி சோதித்துக் காட்டினார். அவரை விதையில் காய்க்குள் ஒட்டியிருந்த தழும்பு பக்கவாட்டில், நீளமாக இருக்கும். இந்த விதைகளில் பக்கவாட்டில் எந்தத் தழும்பும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு முனையில் வெளிறிய சிறு குமிழ் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அடுத்து ஓட்டைப் பார்த்தோம். அவரைக் காய் இரண்டு பாதியாகப் பிளக்கும். இங்கே கிடைத்த துண்டுகளைச் சேர்த்து வைத்தபோது மூன்று அறைகள் வந்தன, அறைக்கு ஒரு விதை. வெளிப்புறத்தில் மழுங்கிய முள்கள் இருந்தன. அப்புறம் சந்தேகமே இல்லை, அது ஆமணக்கு. பொட்டலம் உடனே மேசையிலிருந்து எடுக்கப்பட்டது, யார் வீட்டுக்கும் போகவில்லை.

ஆமணக்கு விதைக்குள் ரிசின் என்ற புரதம் இருக்கிறது. தோல் கெட்டியானது என்பதால், முழுசாக விழுங்கிய விதை சில சமயம் அப்படியே வெளியேறிவிடும். மென்றாலோ உடைத்தாலோதான் பெரிய ஆபத்து. வாந்தி, வயிற்றுப்போக்கு போன்ற அறிகுறிகள் பெரும்பாலும் சில மணி நேரம் கழித்தே தொடங்கும். இந்தத் தாமதம்தான் ஏமாற்றுகிறது. குழந்தை விளையாடிக்கொண்டுதானே இருக்கிறது என்று வீட்டில் இருப்பவர்கள் நினைத்துவிடுகிறார்கள்.

அந்தப் பொட்டலத்துக்குப் பிறகு செயற்குழு கூடி, நச்சுச் செடி அடையாளப் பயிற்சியை மூன்று செடிகளோடு தொடங்கலாம் என்று முடிவு செய்தது. ஆமணக்கு, செவ்வரளியும் வெள்ளரளியும் சேர்ந்த சாதாரண அரளி, மஞ்சள் அரளி. பட்டியலை நீட்டினால் எதுவும் மனதில் நிற்காது என்பது என் கருத்து. இந்த மூன்றையும் பூ இல்லாமல் சொல்லத் தெரிந்தவருக்கு மற்றவற்றைப் பழகுவது எளிது.

பயிற்சியில் முதலில் வலியுறுத்தியது, இலையின் வடிவத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதே. நீண்டு ஒல்லியான இலை எத்தனையோ செடிகளுக்கு உண்டு. விரல் விரித்தாற்போன்ற இலையும் அப்படித்தான். இலை எந்த இடத்தில், எப்படி ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆமணக்கு இலை உள்ளங்கை போல விரிந்து, ஐந்து முதல் பத்துப் பன்னிரண்டு மடல்கள் வரை பிரிந்திருக்கும். மடல்களின் விளிம்பு முழுக்க ரம்பப் பல். இலையைத் திருப்பிக் காம்பு எங்கே சேர்கிறது என்று பாருங்கள். அது விளிம்பில் சேராமல், விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி, இலைப்பரப்பின் அடியில் சேரும். பப்பாளி இலையில் காம்பு விளிம்பிலேயே சேர்ந்துவிடும். மரவள்ளி இலையில் மடல்கள் ஏறக்குறைய அடிவரை பிளந்திருக்கும், விளிம்பில் பல் இருக்காது. காட்டாமணக்கு இன்னொரு குழப்பம். அதன் இலை மேலோட்டமாகவே மடல் பிரியும், காய் முள் இல்லாமல் வழவழவென்று இருக்கும். ஆனால் அதுவும் நச்சுச் செடிதான், ஆமணக்கு இல்லை என்று தெரிந்ததும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

முளைத்து வரும் ஆமணக்குதான் பலரையும் தடுமாற வைத்தது. முதலில் வரும் இரண்டு வித்திலைகளும் மடல் இல்லாமல் அகன்று, எதிரெதிராக இருக்கும். அந்த நிலையில் அது எந்தக் காய்கறி நாற்று என்று கேட்டவர்கள் உண்டு. அடுத்தடுத்து வரும் இலைகளில் மடலும் பல்லும் தெரியும்வரை பெயர் சொல்லாமல் இருப்பதே நல்லது. பக்கத்தில் ஆமணக்கு நின்றிருந்தால் அது தானாக முளைத்த கன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். காய்ந்த காய் வெடித்து விதையைத் தூரத்துக்கு எறியும், அதனால் தாய்ச்செடிக்கு நேர் கீழே மட்டும் தேடினால் போதாது.

இப்போது அரளிக்கு வருகிறேன். அரளி என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு செடிகளை நாம் அழைக்கிறோம். இரண்டுக்கும் நீண்ட, ஒல்லியான இலை, இரண்டும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு கொண்டவை. ஆனால் கிளையைப் பார்த்தால் உடனே பிரித்துவிடலாம். சாதாரண அரளியில் ஒரே கணுவிலிருந்து மூன்று இலைகள் சுற்றி வரும். மஞ்சள் அரளியில் இலைகள் ஒவ்வொன்றாக, கிளையைச் சுற்றி ஏறிக்கொண்டே போகும். நலிந்த கிளைகளில் சாதாரண அரளியும் கணுவுக்கு இரண்டு இலை மட்டும் காட்டுவது உண்டு. ஆகவே ஒரு கணுவை மட்டும் பார்க்காமல் பல கணுக்களைப் பார்த்துப் பெரும்பான்மை எது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிளை இல்லாமல் உதிர்ந்த இலை மட்டும் கிடைத்தால் என்ன செய்வது என்று ஓர் உறுப்பினர் கேட்டார். வேலி வெட்டிய பிறகு குப்பையில் கிடந்ததை அவர் கொண்டுவந்திருந்தார். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தோம். நடுவில் தடித்த வெளிறிய நரம்பு. அதிலிருந்து நெருக்கமான மெல்லிய பக்க நரம்புகள், ஒன்றுக்கொன்று இணையாக, கிட்டத்தட்ட நேர் குறுக்காக விளிம்பை நோக்கிப் போயின. இலை தோல் போலக் கெட்டியாகவும் இருந்தது. அது சாதாரண அரளி. மஞ்சள் அரளி இலையில் நடுநரம்பு மட்டுமே தெளிவாகத் தெரியும். இலையும் இன்னும் ஒல்லி, பளபளப்பும் கூடுதல். அந்தக் குப்பையை ஆடுமாடுகளுக்குப் போடக் கூடாது, எரிக்கவும் கூடாது என்று சொல்லி அனுப்பினோம். அரளி இலை காய்ந்தாலும் நஞ்சு போவதில்லை, புகையும் கெடுதி.

கிள்ளினால் பால் வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. மஞ்சள் அரளியில் வெண்மையான பால் வரும், சரி. ஆனால் பால் வடியும் செடிகள் ஏராளம் என்பதால் அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. கையில் பட்டு, அதே கை கண்ணுக்குப் போவதுதான் மிச்சம். ருசி பார்த்து அடையாளம் காணும் பேச்சே வேண்டாம்.

காய் இருந்தால் வேலை இன்னும் எளிது. சாதாரண அரளியின் காய் ஒல்லியான நீண்ட நெற்று, இரண்டு இரண்டாக ஒட்டி வரும். முற்றிக் காய்ந்ததும் நீளவாக்கில் பிளந்து, ஒரு முனையில் பஞ்சுக் குஞ்சம் உள்ள சிறு விதைகளைக் காற்றில் விடும். தொட்டியில் வளர்க்கும் அடினியத்துக்கும் இதே மாதிரி இரட்டை நெற்றுதான், ஆனால் அதன் விதையில் இரண்டு முனையிலும் குஞ்சம் இருக்கும். அடினியமும் நச்சுதான். மஞ்சள் அரளியின் காய் முற்றிலும் வேறு. சதைப்பற்றுள்ள, பக்கங்களில் விளிம்பு எழும்பிய உருண்டைக் காய். முதலில் பச்சை, பழுத்ததும் கறுப்பு. உள்ளே முக்கோணம் போன்ற கெட்டிக் கொட்டை. குழந்தைகள் எடுத்து விளையாடுவது இந்தக் கொட்டையைத்தான். மரத்தடியைக் கூட்டும்போது இதைத் தனியாகப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

ஆமணக்குக் காயோடு ஊமத்தங்காயைக் குழப்பிக்கொள்வதும் நடந்தது, இரண்டிலும் முள் உண்டு. ஆமணக்குக் காய்கள் நிமிர்ந்த தண்டில் கொத்தாக வரும், உள்ளே மூன்றே விதை. ஊமத்தையில் காய்கள் தனித்தனி, உள்ளே தட்டையான சிறு விதைகள் நிறைய. ஊமத்தையும் நஞ்சே.

காய் இல்லை என்பதை மட்டும் வைத்து ஒரு செடியை விலக்கிவிடக் கூடாது என்பதையும் பதிவு செய்கிறேன். தொடர்ந்து வெட்டப்படும் அரளி வேலியில் நெற்றைக் காண்பது அரிது.

இந்தப் பயிற்சிக்கு வந்த மருத்துவ உறுப்பினர் சொன்ன ஒன்றை எல்லோரும் வீட்டில் சொல்லி வையுங்கள். யாராவது தின்றுவிட்டால் வாயில் மிச்சம் இருப்பதை எடுத்துக் கொப்பளிக்க வைக்க வேண்டும், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, அறிகுறிக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்போது இலையோடு கூடிய சிறு கிளையும் காயும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். அரளி நஞ்சு என்றால் மருத்துவர் இதயத் துடிப்பைத் தொடர்ந்து கவனிப்பார், அதற்கு மாற்று மருந்தும் உண்டு. ரிசினுக்கு மாற்று மருந்து இல்லை, உடலைத் தாங்கிப்பிடிக்கும் சிகிச்சைதான். எந்தச் செடி என்று தெரிந்தால் அங்கே நேரம் வீணாகாது. உதிரி இலை ஒன்றைவிடக் கணுவோடு கூடிய கிளை எவ்வளவு உதவும் என்பது மேலே சொன்னதிலிருந்தே விளங்கும்.

உரத்துக்கு ஆமணக்குப் புண்ணாக்கு வாங்கும் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணெய் பிழியும்போது ரிசின் எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கிலேயே தங்கும். நஞ்சு நீக்கப்படாத புண்ணாக்கை நாய்கள் தின்றால் உயிருக்கே ஆபத்து. மண்ணின் மேல் தூவி விடாமல் நன்றாகக் கலந்து மூடுங்கள், மூட்டையை உயரத்தில் வையுங்கள்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு எடுத்த முடிவுகள் இவை. விதைப் பரிமாற்றத்தில் பெயரில்லாத பொட்டலம் ஏற்கப்படாது. விதையோடு காய் ஓடோ செடியின் படமோ வந்தால், அடையாளம் உறுதியான பிறகே மேசைக்குப் போகும். குன்றிமணியும் செங்காந்தளும் அடுத்த பயிற்சியில் சேரும். அதற்கு இலை, காய் மாதிரிகளைக் காயவைத்து அட்டையில் ஒட்டும் பொறுப்பை ஏற்க இரண்டு பேர் தேவை. விருப்பமுள்ளவர்கள் இந்தக் கூட்டம் முடிவதற்குள் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்