தீபாவளிப் பலகாரம் மெல்போர்ன் போய்ச் சேர

காரைக்குடி
6.9.2026

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மகளுக்கு மெல்போர்னில் தலை தீபாவளி என்று படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். கோயம்புத்தூரில் எத்தனை கடை இருந்தாலும் நம் ஊர்ப் பலகாரம்தான் போக வேண்டும் என்று நீ நினைப்பது சரிதான். எந்த இணையக் கடையில் சொல்லலாம் என்று கேட்டிருக்கிறாய். கடைப் பெயரைவிட முக்கியமான சில விஷயங்கள் இருக்கின்றன. போன வருஷம் சின்னவனுக்கு அனுப்பி நான் பட்ட பாடு உனக்கு வரக் கூடாது.

இங்குள்ள ஒரு கடையின் இணையப் பக்கத்தில் தேன்குழல், கைமுறுக்கு, அதிரசம், ஒரு கிலோ பால்கோவா எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியாகச் சொல்லியிருந்தேன். 'உலகமெங்கும் அனுப்புகிறோம்' என்று மேலேயே போட்டிருந்தார்கள். போய்ச் சேரும் நாட்டில் அந்தப் பொருளை அனுமதிப்பார்களா என்பது வாங்குகிறவர் பொறுப்பு என்று அதே பக்கத்தின் அடியில், விதிமுறைகளில் எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. பெட்டி ஆஸ்திரேலியாவில் நின்றுவிட்டது. பாலில் செய்த இனிப்பு உள்ளே விட முடியாதது என்று சின்னவனுக்குக் கடிதம் போயிற்று. பால்கோவாவை எடுத்து அழித்துவிட்டு மீதியைக் கொடுத்தார்கள். அதற்குள் தீபாவளி முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது.

அவர்கள் ஏன் அவ்வளவு கண்டிப்பாக இருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நம் ஊரில் மாட்டுக்கு வருமே கோமாரி, அது ஆஸ்திரேலியாவில் 1872-க்குப் பிறகு வந்ததே இல்லை. அந்தக் கிருமி பால் பொருள் வழியாகவும் போகும் என்பதால், நோய் இருக்கிற நாடுகளிலிருந்து வரும் பால் இனிப்பைத் தடுக்கிறார்கள். பர்பி, குலாப் ஜாமூன், ரசகுல்லா, பேடா எல்லாம் இதில் அடங்கும். கடையில் வாங்கியது, டப்பாவில் அடைத்தது, சொந்தத்துக்கு அனுப்புவது என்பதெல்லாம் அங்கே செல்லாது. ஒரு பொருள் போகுமா போகாதா என்று BICON என்ற அவர்களுடைய அரசாங்கத் தளத்தில் தேடிப் பார்க்கலாம். உன் மகளையே பார்க்கச் சொல். அவளுக்கு அது சுலபம்.

அதனால் நான் சொல்வது, சீரை இரண்டாகப் பிரித்துவிடு. பால் இனிப்பை மெல்போர்னிலேயே செய்து விற்கிற நம்மவர் கடை இணையத்தில் இருந்தால், இங்கிருந்தே பணம் கட்டி அவள் வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லிவிடலாம். சுங்கமும் இல்லை, காத்திருப்பதும் இல்லை, இனிப்பும் புதிதாக இருக்கும். காரைக்குடியிலிருந்து எண்ணெயில் சுட்ட பலகாரம் மட்டும் போகட்டும். தேன்குழல், கைமுறுக்கு, எண்ணெய் அதிரசம் போதும். மனகோலத்தில் தேங்காய்ப் பல் கிடக்கும், சீப்பு சீடைக்குத் தேங்காய்ப் பால் விட்டுப் பிசைவார்கள். இரண்டும் ஒரு மாதம் நிற்கும் என்று நம்பி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் நாள் கணக்கு. கடைக்காரர் '6 முதல் 8 வேலை நாள்' என்று சொன்னால், அது பெட்டி கூரியருக்குப் போன மறுநாளிலிருந்து எண்ணுவது. பலகாரம் சுடும் நாளும், சுங்கத்தில் நிற்கும் நாளும் அதில் சேராது. பின்னாலிருந்து எண்ணிப் பார்ப்போம். இந்த வருஷம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அதற்கு முந்தைய செவ்வாய், 3-ஆம் தேதி, மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயத்துக்கு அந்த ஊரில் அரசு விடுமுறை. ஆகையால் அக்டோபர் 30, வெள்ளிக்குள் பெட்டி கையில் கிடைக்க வேண்டும் என்று வைத்துக்கொள். எட்டு வேலை நாள் பின்னே போனால் அக்டோபர் 20. அன்றைக்கு விஜயதசமி, முந்தின நாள் ஆயுத பூஜை. இங்கே ஒரு கடையும் பெட்டி கட்டாது. சுங்கத்துக்கென்று ஒரு வாரம் விட்டால் 13-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை பெட்டி கிளம்ப வேண்டும். 11, 12 தேதிகளில் சுட்டால், தீபாவளியன்று பலகாரத்துக்கு நான்கு வாரம் ஆகியிருக்கும். அதனால் டப்பாவில் எத்தனை நாள் நிற்கும் என்று போட்டிருக்கிறது என்பதை முதலிலேயே கேள். முப்பது நாள் என்றால் மட்டுமட்டு, நாற்பத்தைந்து என்றால் கவலையில்லை. சுட்ட தேதியும் டப்பாவில் இருக்க வேண்டும், ஏற்கெனவே சுட்டு வைத்ததைக் கொடுத்துவிடக் கூடாது.

கூலியும் நாம் நினைப்பது போல இல்லை. கூரியர்காரர்கள் நிஜ எடையையும் பார்ப்பார்கள், பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்ப்பார்கள், எது அதிகமோ அதற்குக் காசு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். என் பெட்டி 40, 30, 25. பெருக்கினால் 30,000, வகுத்தால் 6 கிலோ. உள்ளே இருந்ததோ மூன்றரைக் கிலோ! தேன்குழலும் முறுக்கும் காற்றாக இடத்தை அடைக்கிற பலகாரங்கள். கனமான அதிரசத்தைக் கூட்டி, தேன்குழலைச் சின்னதாகப் பிழியச் சொல்லி, 30, 25, 20 அளவுப் பெட்டியில் அடக்கினால் இடக் கணக்கு 3 கிலோவுக்கு வந்துவிடும். தேன்குழலும் குறைவாக நொறுங்கும். டப்பாவில் மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டாலும் ஆடி ஆடித் தூளாகிவிடும். காகிதத்தைக் கசக்கி இறுக்கமாக வைக்கச் சொல், வைக்கோல் வேண்டாம்.

கொட்டானில் வைத்து அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். எனக்கும் அந்த ஆசை உண்டு. நான் பார்த்துப் பார்த்துப் பின்னச் சொன்ன சிவப்பும் பச்சையுமான கொட்டான் இன்னும் பீரோவில் இருக்கிறது. காய்ந்திருந்தாலும் பனையோலை செடிப் பொருள்தான். பூச்சியோ விதையோ ஒட்டியிருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பார்கள், அதிலேயே நாள் போய்விடும். பலகாரப் பெட்டியோடு அதைச் சேர்க்காதே. நீ பொங்கலுக்குப் போகும்போது சுத்தமாகத் துடைத்துக் கையில் கொண்டுபோ. விமானத்தில் கொடுக்கும் அட்டையில் மட்டும் மறக்காமல் எழுதிவிடு.

பெட்டிமேல் ஒட்டும் சுங்கப் படிவத்தில் வெறுமே 'தின்பண்டம்' என்று போட விடாதே. தேன்குழல் இரண்டு பொட்டலம், அரிசி மாவு, உளுந்து, எண்ணெய், பால் இல்லை என்று ஆங்கிலத்தில் விவரமாக இருக்கட்டும். துபாயில் இருக்கும் உன் நாத்தனாருக்கும் இதே கையோடு செட்டிநாட்டு மசாலாப் பொடி அனுப்பப் போவதாக எழுதியிருந்தாயே, அதில் கசகசா இல்லாமல் பார்த்துக்கொள். அங்கே கசகசா போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது, விளையாட்டில்லை.

மகளின் முகவரியோடு அஞ்சல் எண், அவளுடைய ஆஸ்திரேலியக் கைப்பேசி எண் இரண்டையும் எனக்கு அனுப்பு. பகலில் வீட்டில் யாராவது இருப்பார்களா என்றும் கேட்டுச் சொல். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் அவள் அலுவலக முகவரியே நல்லது. இந்த வாரமே கடைக்கு நேரில் போய், அக்டோபர் 11-ஆம் தேதி சுடுவார்களா என்று கேட்டுவிட்டு உனக்குப் போன் செய்கிறேன்.

அன்புடன்,
வள்ளியம்மை