உங்கள் படங்கள் அழகு, விலைதான் புரியவில்லை: வேலை கொடுப்பவரின் மடல்

தனியாகத் தொழில் செய்யும் புகைப்படக் கலைஞர்களுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும்,

வணக்கம். தோல் பைகள் விற்கும் சிறிய நிறுவனம் ஒன்றில், உங்களைப் போன்றவர்களைத் தேடிப் பிடித்து வேலை கொடுப்பது என் பொறுப்பு. சென்ற முறை 40 பைகளைப் படமெடுக்க இருவரிடம் கொட்டேஷன் வாங்கினேன். ஒருவர் கேட்ட தொகை மற்றவர் கேட்டதைப்போல் மூன்று மடங்கு. இருவருடைய போர்ட்ஃபோலியோவையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் அழகான படங்கள், அதற்கு மேல் ஒரு வரியும் இல்லை. “ஏன் இவருக்கு மூன்று மடங்கு?” என்று கணக்குப் பிரிவில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. குறைந்த விலைக்கே வேலை போனது.

வந்த படங்களில் மெரூன் பை பழுப்பாகத் தெரிந்தது. வாங்கியவர்கள் ‘நிறம் வேறு’ என்று திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். பிறகு அந்த மூன்று மடங்குக்காரரிடமே போனோம்.

அவர் செய்ததை அருகில் இருந்து பார்த்தேன். முதல் வேலையாக ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடினார். ஜன்னல் வெளிச்சமும் அறை விளக்கும் கலந்தால் பையின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் சாயும், வெள்ளைச் சமநிலையை எப்படி வைத்தாலும் இரண்டும் ஒருசேரச் சரியாகாது என்றார். லைட்டிங்கை மாற்றும்போதெல்லாம் முதல் படத்தில் ஒரு நிற அட்டையை வைத்து எடுத்தார். பிற்பாடு கணினியில் நிறத்தைச் சரிசெய்ய அதுதான் அளவுகோல். பளபளக்கும் கொக்கியில் அறையே பிரதிபலித்ததால் பையைச் சுற்றி வெள்ளைத் திரை கட்டினார். பார்ப்பவரின் போன் திரைக்குத் திரை நிறம் கொஞ்சம் மாறும், அதற்கு நான் பொறுப்பில்லை என்று முன்பே சொல்லியும் விட்டார். அந்த ஒரு பேச்சிலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

இதில் ஒன்றுகூட அவருடைய போர்ட்ஃபோலியோவில் இல்லை! இருந்திருந்தால் முதல் முறையே அவரிடம் போயிருப்போம்.

நான் கேட்பது இதைத்தான். முப்பது படங்களைப் பரப்பி வைப்பதற்குப் பதில், மூன்று வேலைகளைக் கதையாகச் சொல்லுங்கள். கிளையன்ட் என்ன சிக்கலோடு வந்தார், நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள், கடைசியில் எதை ஒப்படைத்தீர்கள் என்று எழுதுங்கள். முதலில் இருந்த மோசமான படம் கிடைத்தால் அதையும் போடுங்கள், எங்களுக்கு அதுதான் சீக்கிரம் புரியும். லோகோ செய்பவராக இருந்தால், தள்ளிவிட்ட இரண்டு வரைவுகளையும் தள்ளிய காரணத்தையும் காட்டுங்கள்.

விலையைப் போட வேண்டுமா என்று தயங்குவீர்கள். தொகை வேண்டாம், நேரக் கணக்கு போதும். எங்கள் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 40 பை, பைக்கு 4 கோணம், மொத்தம் 160 படம். விளக்கும் திரையும் அமைக்க 4 மணி, படமெடுக்க 20 மணி. படத்துக்கு 15 நிமிடம் ரீடச்சிங் என்றால் 40 மணி. நாங்கள் கண்ணால் பார்த்தது மூன்று நாள் வேலையை. அவர் செய்தது 64 மணி நேர வேலை. இந்த ஒரு பத்தி கையில் இருந்தால் கணக்குப் பிரிவில் நான் வாயடைத்து நிற்க வேண்டியதில்லை.

இன்னொரு சண்டையும் இதில் தீரும். அடுத்த மாதம் இரண்டே பைகள் வந்தால் எங்கள் முதலாளி பழைய தொகையை இருபதால் வகுப்பார். ஆனால் படமெடுக்க 1 மணி, ரீடச்சிங் 2 மணி என்று குறைந்தாலும், அமைப்பதற்கான 4 மணி அப்படியே நிற்கும். வகுத்தால் 3 மணி சொச்சம், உண்மையில் 7 மணி. எது குறையும், எது குறையாது என்று நீங்களே ஒரு வரி எழுதிவிடுங்கள். படங்களை எங்கே, எவ்வளவு காலம் பயன்படுத்தலாம் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். இணையதளத்துக்கென்று வாங்கிய படத்தை விளம்பரப் பலகையில் போட்டால் தனிக் கட்டணம் வரலாம் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது.

பலனை எழுதும்போது மட்டும் கையை அடக்குங்கள். ‘என் படங்களால் விற்பனை ஏறியது’ என்ற வரியை நான் நம்புவதில்லை, அதே வாரம் தள்ளுபடி ஓடியிருக்கும். ‘நிறம் வேறு என்று திரும்பி வந்த பைகள் குறைந்தன’ என்றால் நம்புவேன், ஏனென்றால் அது நீங்கள் கைவைத்த இடம். அந்த விவரத்தை வேலை முடிந்து இரண்டு மாதம் கழித்துக் கிளையன்டிடம் கேட்டு வாங்குங்கள், வெளியிட அனுமதியும் அப்போதே கேளுங்கள். பெயர் வேண்டாம் என்றால் ‘ஒரு பை நிறுவனம்’ என்று போடுங்கள், எங்களுக்கு அது குறையாகத் தெரியாது. பழகுவதற்காக நீங்களே கற்பனையாகச் செய்த வேலையாக இருந்தால் அப்படியே குறிப்பிடுங்கள்.

அடுத்த தொகுப்புக்கு 25 பைகள் தயாராகின்றன. இந்த முறை கொட்டேஷன் கேட்கும் எல்லோரிடமும், இதுபோல எழுதிய ஒரு வேலையையாவது சேர்த்து அனுப்பச் சொல்லப் போகிறேன்.

இப்படிக்கு,
கொட்டேஷன்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒருவர்