டைரியில் புகாருக்குப் பதில் ஓர் அட்டை: தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வகுப்பாசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

சிறப்புப் பயிற்றுநராகப் பல பள்ளிகளின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வகுப்புகளைக் கவனித்தவள் என்ற முறையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கவனக்குறைவும் மிகையியக்கமும் உள்ள பிள்ளைகளின் டைரியில் "இன்றும் இடத்தில் உட்காரவில்லை, கண்டித்து அனுப்பவும்" என்று எழுதுவதை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக, அன்றைய இலக்குகளும் அவற்றை எட்டியதற்கான சரிக்குறிகளும் கொண்ட, நான்கு வரிகள் உள்ள ஓர் அட்டையைத் தினமும் வீட்டுக்கு அனுப்புங்கள்.

டைரிக் குறிப்பு ஏன் பயன்படுவதில்லை? காலை பத்து மணிக்கு நடந்தது இரவு ஏழு மணிக்கு அம்மாவின் கண்ணில் படுகிறது. வேலை முடிந்து களைத்து வந்தவர் திட்டுகிறார், சில வீடுகளில் அடியும் விழுகிறது. எதற்காக அந்த அடி என்பது பிள்ளைக்கு அப்போது விளங்குவதே இல்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் உடனடிப் பலனே எளிதில் புரியும் என்றாலும், ஏ.டி.எச்.டி. எனப்படும் இந்தக் கவனக்குறைவும் மிகையியக்கமும் உள்ள குழந்தைகளிடம் இது இன்னும் கூடுதலாக இருக்கிறது. தாமதமாக வரும் எதுவும் அவர்களிடம் வலுவிழந்துவிடுகிறது. "உட்காரவில்லை" என்ற குறிப்பு எத்தனை முறை எழுந்தான், எந்தப் பாடவேளையில் எழுந்தான் என்பதையும் சொல்வதில்லை. பெற்றோர் அதை வைத்துக்கொண்டு எதையும் செய்ய முடியாது.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையனை வைத்து அட்டை எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். அவனைப் பற்றிப் பள்ளியில் சொல்லப்பட்டது, "அடங்கவே மாட்டான்" என்பதுதான். ஒரு வாரம் அவனிடம் எதையும் மாற்றாமல் எண்ண மட்டும் செய்யும்படி வகுப்பாசிரியரிடம் சொன்னேன். கணக்குப் பாடவேளையில் அவன் எட்டு, ஒன்பது முறை இடத்தைவிட்டு எழுந்தான். பத்துக் கணக்கில் மூன்றை முடித்தான். கை உயர்த்தாமல் பதிலைக் கத்திச் சொன்னான். எண்ணிய பிறகுதான் அட்டையில் இலக்கு எழுதினோம்.

"ஒரு முறைகூட எழக் கூடாது" என்று எழுதவில்லை. "ஆறு முறைக்குள்" என்றே எழுதினோம். பத்துக் கணக்கு கேட்கவில்லை, நான்கு கேட்டோம். முதல் வாரத்தில் ஐந்தில் நான்கு நாளாவது அவன் வெல்லும்படி இலக்கு இருக்க வேண்டும். இதைச் சொன்னால், "அப்படியானால் ஆறு முறை எழ அனுமதியா?" என்று பல ஆசிரியர்கள் கேட்கிறார்கள். அனுமதி இல்லை, அது தொடக்கப் படி மட்டுமே. ஒன்பதிலிருந்து ஒரே நாளில் பூஜ்யத்துக்கு இறங்கச் சொன்னால் முதல் நாளே தோற்பான், மறுநாள் அட்டையைக் கிழித்துப் போடுவான். இலக்கைத் தொடர்ந்து எட்டினால் அடுத்த வாரம் ஐந்து, பிறகு நான்கு என்று குறைத்துக்கொண்டே போகலாம்.

ஒவ்வொரு பாடவேளை முடிந்ததும் ஆசிரியர் அட்டையில் சரிக்குறி இடுகிறார். குறி இடும்போதே, "ஐந்து முறைதான் எழுந்தாய், இந்தா உன் குறி" என்று அவனிடம் சொல்ல வேண்டும். அந்த உடனடிச் சொல்தான் இந்த முறையின் உயிர். மாலையில் கிடைக்கும் பரிசு தூரத்தில் இருந்தாலும் பகல் முழுதும் விழும் குறிகள் அவனை அதுவரை கொண்டுசேர்க்கின்றன. குறி விழாத பாடவேளையில் "இந்த முறை இல்லை, அடுத்த வேளையில் பார்ப்போம்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

வீட்டில் பெற்றோர் செய்ய வேண்டியது குறைவுதான், ஆனால் தவறாமல் செய்ய வேண்டும். அன்றே அட்டையைப் பார்த்து, அன்றே பரிசைக் கொடுத்துவிட வேண்டும். பரிசுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. அந்தப் பையன் தேர்ந்தெடுத்தவை, தெருவில் அரை மணி நேரம் சைக்கிள் ஓட்டுவதும் இரவுச் சாப்பாடு என்னவென்று தானே சொல்வதும். அம்மா வர இரவாகும் என்பதால் அட்டையைப் பார்க்கும் பொறுப்பைப் பாட்டி ஏற்றுக்கொண்டார். அவருக்கு எழுத்து தெரியாது, குறிகளை எண்ணினார், போதுமானதாக இருந்தது. குறி குறைந்த நாளில் பரிசு இல்லை, அவ்வளவுதான். திட்டோ அடியோ சேரக் கூடாது. அட்டையால் அடி விழுந்தால் அது வழியிலேயே தொலைந்துவிடும். முதல் அட்டையை அனுப்பும் முன் பெற்றோரை நேரில் அழைத்து இந்த ஒரு நிபந்தனைக்கு அவர்கள் ஒப்புக்கொள்ளும்படி பேசிவிடுங்கள்.

இது பிசகும் இடங்கள் எனக்குத் தெரியும். "நன்றாக நடந்துகொள்ள வேண்டும்" என்று எண்ண முடியாத இலக்கை எழுதுவது ஒன்று. அட்டையின் ஓரத்தில் மறுபடி புகார் எழுதுவது இன்னொன்று. இரண்டு மூன்று வாரத்தில் பரிசு சலித்துப்போகும், அதை மாற்றாமல் விட்டுவிட்டு "அட்டை வேலை செய்யவில்லை" என்பார்கள். பாதி நாள்கூட இலக்கை எட்டவில்லை என்றால் பிள்ளையைக் குறை சொல்லும் முன் இலக்கைத் தளர்த்திப் பாருங்கள்.

அட்டை இருந்தாலும் வகுப்பறையில் சில மாற்றங்கள் வேண்டும். கதவு, ஜன்னலைவிட்டுத் தள்ளி, உங்கள் கைக்கெட்டும் இடத்தில் அவனை உட்காரவையுங்கள், ஆனால் தனியாக ஒதுக்கிவிடாதீர்கள். பத்துக் கணக்கை இரண்டு ஐந்தாகப் பிரித்து, முதல் ஐந்து முடிந்ததும் நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவன் எழுந்து வருவதற்கு அதுவே நியாயமான காரணமாகிவிடும். விளையாட்டுப் பாடவேளையைத் தண்டனையாகப் பறிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது. ஓடியாட வேண்டிய உடம்பை மேலும் ஒரு மணி நேரம் கட்டிப்போட்டால் அடுத்த பாடவேளையில் உங்களுக்குத்தான் சிரமம்.

சில வாரங்களின் அட்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்றும் தெரியவரும். கணக்கில் குறி விழுந்து, தமிழ் வாசிப்பில் மட்டும் விழவில்லை என்றால் வாசிப்புச் சிரமம் இருக்கிறதா என்று பாருங்கள். படிக்க முடியாத பிள்ளையும் எழுந்து ஓடுவான். காதும் கண்ணும் சோதிக்கப்பட்டனவா, இரவில் குறட்டைவிட்டுத் தூக்கம் கெடுகிறதா என்பதையும் பெற்றோரிடம் கேளுங்கள். சத்தமே போடாமல் ஜன்னலைப் பார்த்தபடி இருக்கும் பெண் பிள்ளைகள் யார் கண்ணிலும் படுவதில்லை. அவர்களுக்கு "எழுந்தது எத்தனை முறை" என்ற இலக்கு பொருந்தாது, "தொடங்கிய வேலையில் எத்தனை முடித்தாள்" என்று எழுதுங்கள்.

ஏ.டி.எச்.டி. என்ற பெயரை நீங்கள் சூட்ட வேண்டாம். அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும் என்று மருத்துவர்கள் பார்க்கிறார்கள். பள்ளியில் நடப்பதை மருத்துவர் நேரில் பார்க்க முடியாது, உங்கள் அட்டைதான் அவருக்குச் சொல்லும். ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தும் மாற்றம் இல்லையென்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் பேசுங்கள், அரசு மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவுக்குப் பெற்றோர் செல்லும்போது அட்டைகளையும் கொடுத்தனுப்புங்கள். மருந்து வேண்டுமா என்பது மருத்துவரும் பெற்றோரும் முடிவுசெய்ய வேண்டியது. மருந்து தொடங்கினாலும் அட்டையை நிறுத்த வேண்டாம்.

தலைமையாசிரியர்களிடம் தனியாக இரண்டு வேண்டுகோள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரே ஆசிரியர் மூன்று பிள்ளைகளுக்கு அட்டை எழுத முடியாது, ஒரு நேரத்தில் ஒருவனுக்குத் தொடங்கினால் போதும் என்று அவரிடம் சொல்லுங்கள். ஜூனில் வகுப்பு மாறும்போது பழைய அட்டைகளை அடுத்த ஆசிரியர் கையில் கொடுக்கச் செய்யுங்கள், அவர் மறுபடி ஒன்பதிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டியிருக்காது.

அன்புடன்,
ஒரு சிறப்புப் பயிற்றுநர்